தருமபுரி மாவட்டத்தில் ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருக்கும் மகளிர் குழுக்களுக்கு

அன்புள்ள அக்கா, தங்கைகளுக்கு,

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், நல்லம்பள்ளிப் பக்கங்களில் புளி, சாமை, கேழ்வரகு மாவு என்று பாக்கெட் போட்டு அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் கடை திறந்திருக்கும் குழுக்களுக்கும், திறக்கப் போகிற குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன். சில குழுக்களின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் குழுக்கள் எல்லாவற்றிலும் முதல் மாதத்தில் ஒரே கேள்விதான் வருகிறது: “சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, திரையில் தொகையும் தெரிகிறது, பேங்கில் மட்டும் ஏன் வரவில்லை?”

பணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அப்படி நிறுத்தி வைக்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் தொழில் தொடங்கிய குழு, லாபத்தில் விற்றுக்கொண்டே கையில் காசில்லாமல் நின்றுபோகும். விலை சரியாக வைத்து, சரக்கும் நன்றாக இருந்து, மூன்றாவது வாரத்தில் புளி வாங்கப் பணமில்லாமல் கடையை மூடுவதைப் போல வருத்தமான விஷயம் இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் நிறுத்தி வைக்கிறார்கள் என்பது உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதாகப் புரியும். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-இல் தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அது. குழு தொடங்கிய மறுநாளே வங்கி கடன் கொடுத்ததா? கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, உள்கடன் கொடுத்து வசூலாகிறதா, புத்தகம் எழுதியிருக்கிறதா என்று ஆறு மாதம் பார்த்த பிறகுதானே மேனேஜர் கையெழுத்துப் போட்டார்? விற்பனைத் தளமும் புதிய கடையை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. உங்கள் புளி நல்ல புளி என்று அதற்கு இன்னும் தெரியாது. நாளைக்கு நூறு ஆர்டர் வாங்கிக்கொண்டு, காலிப் பெட்டியை அனுப்பிவிட்டுக் காணாமல் போகிற ஆள் எவராவது இருந்தால், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது தளம். அந்தப் பணத்தை அப்போது யாரிடம் கேட்பது? விற்றவர் கையில் கொடுத்த பிறகு திருப்பி வாங்குவதைவிட, கொஞ்ச நாள் தன்னிடமே வைத்திருப்பது அவர்களுக்குச் சுலபம். ரிசர்வ் என்று திரையில் வருவது இதுதான்.

உணவுப் பொருளைப் பல தளங்கள் திருப்பி வாங்குவதில்லை. அதனால் “நம் பொருளுக்கு ரிட்டர்னே கிடையாதே, பிறகு எதற்கு ஹோல்ட்?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாக்கெட் கிழிந்து வந்தது, வேறு பொருள் வந்தது, வரவே இல்லை என்று வாங்கியவர் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். அந்தப் புகார் வரக்கூடிய நாட்கள் கழியட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள். கேஷ் ஆன் டெலிவரி என்றால் இன்னொரு படி கூடுதல்: வீட்டு வாசலில் கொரியர்காரர் வாங்கிய ரொக்கம் தளத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்து, உங்கள் ஆர்டரோடு பொருத்திப் பார்க்கப்பட வேண்டும்.

இது சட்டத்துக்கு விரோதமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17-இல் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலே இதற்கு இடம் வைத்தது. வாங்கியவரிடம் வசூலித்த பணம் தனியாக ஓர் எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும், தளத்தின் சொந்தச் செலவோடு கலக்கக் கூடாது என்றது அது. பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலம் முடியும்வரை வைத்திருக்கலாம் என்று விற்பவரோடு ஒப்பந்தம் இருந்தால், அந்தக் காலம் முடிந்த மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. கடை திறக்கும்போது நீங்கள் “சம்மதம்” என்று தட்டிவிட்டுப் போன பக்கத்தில் அந்த ஒப்பந்தம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிற சட்டத்தையும் சிலர் நம்பியிருக்கிறார்கள். அது உங்களிடம் சரக்கு வாங்குகிறவர் தர வேண்டிய பணத்துக்கானது. தளம் உங்களிடம் வாங்குவதில்லை. நீங்கள் விற்பதற்கு இடம் கொடுக்கிறது. உங்கள் புளியை வாங்குகிறவர் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் வீட்டுக்காரர். ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டித் தளத்திடம் வழக்காடலாம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

இனி நாட்களைப் பார்ப்போம். அமேசானில் பரவலாக உள்ள வழக்கம், சரக்கு டெலிவரி ஆன நாளிலிருந்து 7 நாள் பணத்தை ரிசர்வில் வைப்பது. அதன்பிறகு விடுவிக்கப்பட்ட தொகை, வாரம் ஒருமுறை கணக்கு முடிக்கும் நாளில் சேர்ந்து வரும். மீஷோவும் டெலிவரியிலிருந்து 7 நாள் என்கிற கணக்கைத்தான் வைத்திருக்கிறது. இந்த விதிகளைத் தளங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. உங்கள் கடைக்கு இன்றைக்கு எத்தனை நாள் என்பதை உங்கள் கணக்கின் பேமென்ட் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். “ஏழு நாளில் பணம்” என்று காதில் விழுந்ததும் ஆர்டர் வந்த நாளிலிருந்து ஏழு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் டெலிவரிக்கு ஆகும் நாள், அதற்குப் பின் 7 நாள், அடுத்த கணக்கு முடிக்கும் நாள்வரை காத்திருப்பு, வங்கிக்கு வந்து சேர ஒன்றிரண்டு வேலை நாள், இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் பதியும். அரைக் கிலோ கொட்டை நீக்கிய புளி விற்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குக்காக வைத்திருக்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட்டுக்குப் புளி 75 ரூபாய், கவர், லேபிள், அட்டைப்பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 30 ரூபாய். ஆக 105 ரூபாய் குழுவின் கையிலிருந்து ரொக்கமாகப் போகிறது. தளத்தின் கட்டணம், கொரியர், பிடித்தங்கள் எல்லாம் போக பாக்கெட்டுக்கு 140 ரூபாய் குழுவுக்கு வரும். மிச்சம் 35 ரூபாய். நாளொன்றுக்கு 10 பாக்கெட் விற்கிறது; ஆர்டர் வந்து ஐந்தாம் நாள் போய்ச் சேருகிறது; பிறகு 7 நாள் ரிசர்வ். அப்படியானால் ஒரு நாளின் பணம் 12 நாள் கழித்துத்தான் விடுபடும். தளம் 14-ஆம் நாளும், 21-ஆம் நாளும், அதன்பின் வாரந்தோறும் கணக்கு முடிக்கிறது என்று வைப்போம். வங்கிக்கு வர இரண்டு நாள்.

14-ஆம் நாள் கணக்கில் முதல் இரண்டு நாள் விற்பனை மட்டும்தான் இருக்கும். 20 பாக்கெட், 2,800 ரூபாய். அது 16-ஆம் நாள் வங்கிக்கு வரும். அதற்குள் 160 பாக்கெட்டுக்கு 16,800 ரூபாய் செலவாகியிருக்கும். இந்த முதல் பேமென்ட்டைப் பார்த்துத்தான் பல குழுக்கள் ஏமாற்றப்பட்டோம் என்று நினைக்கின்றன. அடுத்தது, 21-ஆம் நாள் கணக்கில் 70 பாக்கெட்டின் 9,800 ரூபாய் விடுபட்டு 23-ஆம் நாள் வருகிறது. அந்தப் பணம் வருவதற்குச் சற்று முன்னால் நிலைமை என்ன? 230 பாக்கெட்டுக்கு 24,150 ரூபாய் போட்டாயிற்று, வந்தது 2,800 மட்டும். 21,350 ரூபாய் வெளியே நிற்கிறது. இதுதான் உச்சம். அதன்பிறகு வாரம் 9,800 வர, 7,350 போக, பள்ளம் மெதுவாகத் தூரும். இதோடு, எப்போதும் இரண்டு வாரத்துக்கு வேண்டிய புளியை அறையில் வைத்திருக்க வேண்டும் என்றால் இன்னும் 10,500 ரூபாய். ஆக, நாளுக்குப் பத்தே பாக்கெட் விற்கும் ஒரு சிறு கடைக்கு, முதல் பாக்கெட் அனுப்பும் முன்பே ஏறக்குறைய 32,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: விற்பனை கூடும்போது இந்தப் பள்ளம் சிறியதாகாது, பெரியதாகும். தீபாவளிக்கு முன்னால் தளங்கள் பெரிய தள்ளுபடி விற்பனை நடத்தும். நாளுக்கு 10 போன இடத்தில் 30 போகும். நல்ல சேதி என்று எல்லோரும் மகிழ்கிறோம். ஆனால் தினமும் 1,050 போட்ட இடத்தில் 3,150 போட வேண்டும். வருகிற பணமோ இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய பத்துப் பாக்கெட்டின் பணம்தான். போதாததற்கு, புதிய கடையில் விற்பனை திடீரென்று எகிறினால் தளத்தின் கண்ணுக்கு அது சந்தேகமாகத் தெரியும். அப்போது கூடுதலாக நிறுத்தி வைக்கவும் கூடும். ஆகவே கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை பாக்கெட் தாங்கும் என்று பார்த்து, தளத்தில் காட்டும் இருப்பு எண்ணிக்கையை அதற்கு மேல் ஏற்றாமல் வைத்திருங்கள். இருப்பு தீர்ந்தது என்று திரை காட்டுவதால் பெரிய நட்டமில்லை. ஆர்டரை வாங்கிவிட்டு அனுப்ப முடியாமல் ரத்து செய்வதுதான் கடையின் பெயரைக் கெடுக்கும், அடுத்த ஹோல்டுக்கும் வழி வைக்கும்.

நம் ஊர்ப் புளிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாசி, பங்குனியில் புளி உலுக்கும் பருவத்திலேயே ஆண்டுக்கு வேண்டியதை வாங்கினால்தான் விலை கட்டும். அந்தப் பெரிய கொள்முதலை ஆன்லைன் வரவை நம்பிச் செய்யாதீர்கள். அது வேறு கணக்கு. அதற்கு வங்கிக் கடனோ கூட்டமைப்புக் கடனோ தனியாக வாங்குங்கள். தளத்திலிருந்து வரும் பணம் அடுத்த வாரத்துப் பாக்கெட்டுக்கு மட்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் ஹோல்ட் விழுந்த மாதத்தில் மரக்காரருக்குச் சொன்ன தேதி தவறும்.

இடைப்பட்ட பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது குழுவின் உள்கடன், அடுத்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. வெளியே நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 32,000 வாங்கினால் மாதம் 1,600 ரூபாய். பாக்கெட்டுக்கு 35 ரூபாய் மிச்சம் என்றால் 46 பாக்கெட்டின் உழைப்பு வட்டிக்கே போய்விடும்.

நாட்களைக் குறைக்க உங்கள் கையில் இருக்கும் வழி, டெலிவரி நாளைக் குறைப்பது. ரிசர்வ் காலம் டெலிவரியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. இரண்டு நாளில் சேருகிற ஊருக்கு விற்றால் மூன்று நாள் முன்னதாகப் பணம் விடுபடும். நமக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். ஆனால் அது வேறு மாநிலம். 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் தளங்களில் விற்கலாம் என்று வழி திறந்தார்கள். அதற்கு ஒரு பதிவு எண் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அந்த வழியில் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்க முடியும். பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமானால் முழு ஜிஎஸ்டி பதிவு வேண்டும். எனவே தொடக்கத்தில் சேலம், ஈரோடு, கோவை, சென்னை என்று வைத்துக்கொண்டு, கையில் சுழற்சிப் பணம் சேர்ந்த பிறகு பெங்களூரைத் திறப்பது நல்லது என்பது என் கருத்து.

கொரியர் விஷயத்திலும் கவனம் வேண்டும். தளத்தின் கொரியரே வந்து எடுத்துப்போனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கேன் ஆகும். டெலிவரி தேதி தானாகப் பதியும். கட்டணம் குறையும் என்று நாமே பார்சல் அனுப்பி, டிராக்கிங் எண்ணைச் சரியாகப் போடாமல் விட்டால், என்றைக்குச் சேர்ந்தது என்று தளத்துக்குத் தெரியாது. அப்போது அதிகபட்சம் எத்தனை நாளில் சேரும் என்று வாங்கியவருக்குச் சொன்னார்களோ அந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். மூன்றாம் நாள் சேர்ந்த பாக்கெட்டுக்கும் பத்தாம் நாள் சேர்ந்ததாகக் கணக்கு. வெளிநாட்டுத் தளங்களிலும் ஹோல்ட் உண்டு: 2023-இல் எட்சி என்கிற கைவினைப் பொருள் தளம், குறிப்பாக இங்கிலாந்தின் சிறு விற்பனையாளர்கள் பலருடைய விற்பனைப் பணத்தில் 75 விழுக்காட்டை 45 நாள்வரை நிறுத்தி வைத்தது. பெரிய கூச்சல் எழுந்து, செய்திகளில் வந்த பிறகுதான் அந்த விழுக்காட்டைக் குறைத்தார்கள். ரிசர்வ் வைப்பது நியாயம் என்று சொல்லும் நான், முன்னறிவிப்பில்லாமல் அவ்வளவு பெரிய பங்கை நிறுத்தியதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். சித்தேரி, சிட்லிங்கி பக்கத்தில் எம்பிராய்டரி வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டுத் தளங்களில் விற்க நினைத்தால் இதையும் மனதில் வையுங்கள்.

பணம் நின்றிருக்கும்போது அது எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். திரையில் Deferred என்றோ Reserve என்றோ வந்து, பக்கத்தில் விடுபடும் தேதியும் தெரிந்தால் அது வழக்கமான காத்திருப்பு. தேதிவரை பொறுத்தால் போதும்; தினமும் புகார் போடுவதால் எதுவும் நகராது. இரண்டாவது வகை, சரிபார்ப்புக்காக நிறுத்துவது: பான், வங்கிக் கணக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, புளி வாங்கிய பில் என்று ஏதாவது கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கும். இதில் நீங்கள் பதில் அனுப்பும்வரை நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, கடையையே முடக்கி வைப்பது. அப்போது புகார்களும் திருப்பித் தரும் தொகையும் தீரும்வரை மொத்த நிலுவையையும் வைத்துக்கொள்வார்கள். அமேசான் தன் அறிவிப்புகளில் 90 நாள் என்று எழுதுவது வழக்கம்.

நம் குழுக்கள் அதிகமாக மாட்டுவது இரண்டாவதில்தான், அதுவும் பெயரால். கடை குழுவின் பெயரில், பான் தலைவியின் பெயரில், வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இரண்டு கையெழுத்தோடு, உணவுப் பதிவு இன்னொரு உறுப்பினர் பெயரில். தளத்தின் கண்ணுக்கு இது நான்கு வேறு ஆள். ஒரு பேமென்ட் வங்கியில் போய்த் திரும்பிவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை பின்னால் வரும் எல்லாமும் நிற்கும். குழுவின் பெயரிலேயே பான் எடுத்து எல்லா ஆவணத்தையும் அதே எழுத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால், ஓர் உறுப்பினரின் பெயரிலேயே எல்லாவற்றையும் வைத்து, வருகிற பணம் குழுவுக்கே என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எதுவானாலும் கடை திறக்கும் முன்னால் முடித்துவிடுங்கள். நடுவில் வங்கிக் கணக்கை மாற்றினால், திருட்டைத் தடுப்பதற்காக அதற்கே தனியாகச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள். தீபாவளி வாரத்தில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

புளி வாங்கும்போது பில் கேட்டு வாங்கும் பழக்கமும் இங்கேதான் உதவும். மரத்தடியில் ரொக்கம் கொடுத்து வாங்கியதற்குச் சான்று எங்கே என்று கேட்டால், தேதி, எடை, விலை, விற்றவர் கையெழுத்தோடு ஒரு கொள்முதல் ரசீதாவது இருக்க வேண்டும்.

பேமென்ட் பட்டியலில் ஜிஎஸ்டிக்கு 0.5, வருமான வரிக்கு 0.1 விழுக்காடு என்று சிறிய பிடித்தங்கள் தெரிந்தால் அவை ஹோல்ட் அல்ல. வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாகியிருக்கும், கணக்குத் தாக்கல் செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் 2024-இல்தான் 1 விழுக்காட்டிலிருந்து இறங்கின.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. “உங்கள் பேமென்ட் முடங்கியிருக்கிறது, விடுவிக்க இத்தனை ரூபாய் கட்டுங்கள்” என்று போன் வந்தால் அது மோசடி. எந்தத் தளமும் ரிசர்வை விடுவிக்கக் கட்டணம் கேட்பதில்லை, ஓடிபியும் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: ஒரு பாக்கெட்டுக்குக் கையிலிருந்து போகும் ரொக்கம், நாளுக்கு எத்தனை பாக்கெட், புளி வாங்கிய நாளிலிருந்து வங்கியில் பணம் விழ எத்தனை நாள். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் நீங்கள் ஒதுக்க வேண்டிய தொகை. மேலே நான் போட்ட கணக்கில் அது 105, 10, 30. மூன்றாவது எண் தெரியவில்லை என்றால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பேமென்ட் வந்ததும் உண்மையான நாளைப் போட்டுத் திருத்துங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால், பாக்கெட் எண்ணிக்கையைப் பாதியாக்கித் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் ஒரு தங்கை
தருமபுரி